பழச்சாறுகளில் வைட்டமின் சி: அயோடின், ஸ்டார்ச் கொண்டு தரம்பார்த்தல்
(பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செயல்திட்ட அறிக்கை)

நோக்கம்

எலுமிச்சை, சாத்துக்குடி, கொய்யா, நெல்லி ஆகியவற்றிலும் கடையில் விற்கும் ஒரு பாட்டில் எலுமிச்சை ஸ்குவாஷிலும் எவ்வளவு வைட்டமின் சி இருக்கிறது என்று அயோடின் கரைசலால் தரம்பார்த்து அறிவது. ஸ்குவாஷை ஒப்பிடுவதற்காக மட்டும்தான் சேர்த்தோம். கடைசியில் அதுதான் எங்கள் நேரத்தில் பாதியைத் தின்றது.

தத்துவம்

வைட்டமின் சி என்பது அஸ்கார்பிக் அமிலம். அது எளிதில் எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கும், அதாவது நல்ல ஒடுக்கி. அயோடினைச் சந்தித்தவுடன் அதை அயோடைடாக ஒடுக்கிவிட்டு, தான் டீஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமாக மாறும். ஒரு மோலுக்கு ஒரு மோல் என்பதால் கணக்கும் சுலபம்.

```
C6H8O6 + I2 → C6H6O6 + 2HI
176 g    254 g
```

சாற்றில் வைட்டமின் சி மிச்சமிருக்கும்வரை பியூரெட்டிலிருந்து விழும் அயோடின் உடனே செலவாகிவிடும். அது தீர்ந்த பிறகு விழும் முதல் துளி அயோடின் ஸ்டார்ச்சோடு சேர்ந்து கருநீலம் காட்டும். அதுவே முடிவுநிலை.

ஸ்டார்ச்சை எப்போது சேர்ப்பது என்பதில் நாங்களும் முதலில் குழம்பினோம். தயோசல்பேட் தரம்பார்த்தலில் வெளிர் மஞ்சள் வரும்வரை காத்திருந்து கடைசியில் சேர்ப்போம். அங்கே குடுவையில் ஆரம்பத்திலேயே அயோடின் நிறைய இருக்கும். ஸ்டார்ச்சை முன்கூட்டியே போட்டால் அயோடினைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விட மறுக்கும். இங்கே நிலைமை தலைகீழ். அயோடின் இருப்பது பியூரெட்டில், குடுவையில் முடிவுவரை தனி அயோடினே தங்காது. அதனால் தொடக்கத்திலேயே சேர்க்கலாம். வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்பார்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.

கரைசல்கள்

அயோடின் தண்ணீரில் சரியாகக் கரையாது. 5 கிராம் பொட்டாசியம் அயோடைடைக் கொஞ்சம் வாலை வடிநீரில் கரைத்து, அதில் 1.27 கிராம் அயோடினைப் போட்டு, ஒரு துணுக்குகூட அடியில் தங்காதபடி கலக்கி, பிறகு 1 லிட்டராக்கினோம். ஏறக்குறைய 0.005 M. பழுப்பு பாட்டிலில் ஊற்றி மூடிவைத்தோம். அயோடின் ஆவியாகும், கையில் பட்டால் கறை படியும், ஆவியை முகரக் கூடாது. எடை போட்டது ஜன்னலோரத்தில்.

ஸ்டார்ச்: 1 கிராமைக் குளிர்ந்த நீரில் கூழாகக் குழைத்து, கொதிக்கும் 100 மி.லி. நீரில் ஊற்றிக் கிளறி ஆறவிட்டோம். அன்றன்றைக்குப் புதிதாகச் செய்ய வேண்டும். முதல் நாள் மிச்சத்தை மறுநாள் எடுத்தபோது நீலத்துக்குப் பதில் ஒரு செம்பழுப்பு வந்து ஏமாற்றியது.

திட்டக் கரைசல்: 100 மி.கி. தூய அஸ்கார்பிக் அமிலத்தைத் திட்டக் குடுவையில் 100 மி.லி. ஆக்கினோம். 1 மி.லி.க்கு 1 மி.கி. இதைக் கலந்த உடனே பயன்படுத்திவிட வேண்டும், காற்றே அதைக் கெடுத்துவிடும்.

செய்முறை

பியூரெட் கண்ணாடித் திருகு உள்ளதாக இருக்க வேண்டும். ரப்பர்க் குழாய் மாட்டியது உதவாது, அயோடின் ரப்பரை அரிக்கும். கரைசல் அடர் பழுப்பாக இருப்பதால் கீழ்ப்பிறை தெரியாது. எல்லா அளவீட்டையும் மேற்பிறையிலேயே எடுத்தோம். தொடக்கமும் முடிவும் ஒரே மாதிரி எடுத்தால் வித்தியாசம் மாறாது.

10 மி.லி. சாற்றைப் பிப்பெட்டால் கூம்புக் குடுவையில் எடுத்து, 20 மி.லி. வாலை வடிநீரும் 1 மி.லி. ஸ்டார்ச்சும் சேர்த்து, வெள்ளை ஓட்டின்மேல் வைத்துத் தரம்பார்த்தோம். துளி விழும் இடத்தில் நீலம் தோன்றி, சுழற்றினால் மறையும். மறைய நேரமாக ஆக, துளித்துளியாக விட வேண்டும். சுழற்றியும் 20 நொடி மறையாமல் நின்ற நீலத்தை முடிவாகக் கொண்டோம்.

எலுமிச்சையும் சாத்துக்குடியும் பிழிந்து துணியில் வடிகட்டியவை. கொய்யாவில் 50 கிராமை நீர்விட்டு அரைத்து, வடிகட்டி, 250 மி.லி. ஆக்கினோம். நெல்லியில் சதை 20 கிராம், அதுவும் 250 மி.லி. இவற்றை நீர்க்காமல் எடுத்தால் அயோடின் மிக அதிகமாகச் செலவாகும். மாதுளையையும் முயன்று பார்த்துக் கைவிட்டோம். சிவப்பில் நீலத்தைத் தேடுவது வீண் வேலை.

குழாய்த் தண்ணீரை எங்கேயும் சேர்க்கவில்லை. அதில் செம்பு போன்ற உலோக அயனிகள் துளி இருந்தாலும் வைட்டமின் சி காற்றில் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடையும்.

அயோடினைத் திட்டப்படுத்தல்

10 மி.லி. திட்டக் கரைசலுக்கு (10 மி.கி. வைட்டமின் சி) முதல் அளவீடு 12.1 மி.லி. திருகை அவசரமாகத் திறந்ததன் விலை. அடுத்த இரண்டும் 11.6. கணக்கின்படி 0.005 M கரைசலுக்கு 11.4 மி.லி.க்குள் முடிந்திருக்க வேண்டும். எடை போடும்போதும் கலக்கும்போதும் கொஞ்சம் அயோடின் பறந்திருக்கும் என்றே நினைக்கிறோம். பரவாயில்லை, இதற்காகத்தான் திட்டப்படுத்துகிறோம்.

```
1 mL அயோடின் = 10 / 11.6 = 0.862 mg வைட்டமின் சி
```

அளவீடுகள் (ஒத்த அளவீடுகள் மட்டும்)

| மாதிரி | 10 மி.லி.யில் இருப்பது | அயோடின் (மி.லி.) | வைட்டமின் சி |
|---|---|---|---|
| எலுமிச்சை | 10 மி.லி. சாறு | 4.9 | 42 மி.கி. / 100 மி.லி. |
| சாத்துக்குடி | 10 மி.லி. சாறு | 5.3 | 46 மி.கி. / 100 மி.லி. |
| கொய்யா | 2 கிராம் பழம் | 4.6 | 198 மி.கி. / 100 கிராம் |
| நெல்லி | 0.8 கிராம் சதை | 4.7 | 506 மி.கி. / 100 கிராம் |
| ஸ்குவாஷ் | 10 மி.லி. | 5.6 | 48 மி.கி. / 100 மி.லி. |

மாதிரிக் கணக்கு, கொய்யாவுக்கு:

```
4.6 × 0.862 = 3.97 mg   (2 g பழத்தில்)
3.97 × 100 / 2 = 198 mg (100 g பழத்தில்)
```

எலுமிச்சைச் சாற்றை 10 நிமிடம் கொதிக்கவைத்து, ஆறியபின் வாலை வடிநீர் விட்டுப் பழைய பருமனுக்குக் கொண்டுவந்தும் ஒருமுறை பார்த்தோம். 4.3 மி.லி. வந்தது, அதாவது எட்டில் ஒரு பங்குதான் போயிருக்கிறது. கொதித்தால் வைட்டமின் சி அடியோடு போய்விடும் என்று எண்ணியிருந்த எங்களுக்கு இது எதிர்பாராதது. எலுமிச்சையின் புளிப்பு அதற்குக் காவலாக நிற்கிறது. அமிலத்தில் அது மெதுவாகத்தான் சிதையும்.

ஸ்குவாஷ் கணக்கு ஏன் உதைத்தது

பாட்டிலின்மேல் பழச்சாறு 25 சதவீதம் என்று போட்டிருந்தது. எங்கள் எலுமிச்சையின் அளவை வைத்துப் பார்த்தால் 100 மி.லி.க்கு 10 மி.கி. வரலாம். வந்ததோ 48, பிழிந்த சாற்றைவிட அதிகம். பிப்பெட் மாறிவிட்டதோ என்று மூன்று முறை திரும்பச் செய்தோம். மாறவில்லை.

முதலில் தோன்றியது, கம்பெனியே வைட்டமின் சி சேர்த்திருப்பார்கள் என்பது. அப்படிச் சேர்த்தால் பொருள்பட்டியலில் INS 300 என்று இருக்கும். இல்லை. இருந்தது INS 224. அது பொட்டாசியம் மெட்டாபைசல்பைட், கெடாமல் இருக்கச் சேர்ப்பது. புளிப்பில் அது கந்தக டைஆக்சைடு தரும். கந்தக டைஆக்சைடும் ஒடுக்கிதான்:

```
SO2 + I2 + 2H2O → H2SO4 + 2HI
```

அயோடினுக்கு எலக்ட்ரானைக் கொடுப்பது யார் என்று தெரியாது, ஸ்டார்ச்சுக்கும் தெரியாது. 64 மி.கி. கந்தக டைஆக்சைடு இருந்தால் போதும், அது 176 மி.கி. வைட்டமின் சி போல வேடம் போட்டுவிடும்.

அசிட்டோன் சேர்த்துப் பார்க்கச் சொன்னது டீச்சர். அது சல்பைட்டோடு சேர்மமாகி அதை மறைத்துவிடும், வைட்டமின் சி-யைத் தொடாது. 25 மி.லி. ஸ்குவாஷில் 5 மி.லி. அசிட்டோன் விட்டு, மூடி, ஐந்து நிமிடம் வைத்து (பக்கத்தில் எரியும் பர்னர் இருக்கவே கூடாது) தரம்பார்த்தோம். 1.7 மி.லி.யிலேயே நீலம் வந்துவிட்டது. அசிட்டோனும் அயோடினோடு மெல்ல வினைபுரியும், அதனால் நீலம் சற்று நேரத்தில் வெளுக்கும். சட்டென்று முடித்துவிட வேண்டும். வெறும் நீரும் அசிட்டோனும் ஸ்டார்ச்சும் வைத்துப் பார்த்ததில் முதல் துளியிலேயே நீலம் வந்தது, ஆகவே கழிக்க எதுவும் இல்லை.

```
1.7 × 0.862 = 1.47 mg   (25 mL-இல்)
1.47 × 100 / 25 = 5.9 mg (100 mL-இல்)
```

48 அல்ல, 6. இதுவும் நீர் கலக்காத ஸ்குவாஷுக்குத்தான். டம்ளரில் நீர்விட்டுக் கலக்கும்போது இன்னும் குறையும்.

முடிவு

எலுமிச்சை 42, சாத்துக்குடி 46, ஸ்குவாஷ் 6 (மூன்றும் 100 மி.லி.க்கு, மி.கி.). கொய்யா 198, நெல்லி 506 (100 கிராமுக்கு, மி.கி.). கடையில் ஒருநாள் வாங்கிய பழங்களின் கணக்கு இது. வேறு மரம், வேறு பருவம் என்றால் எண் மாறும். பழத்திலேயே டீஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமாக மாறிவிட்டதும் உடலுக்கு வைட்டமின் சி-யாகப் பயன்படும், ஆனால் இந்த முறை அதை எண்ணாது.

ஸ்குவாஷுக்குப் பிறகு மற்ற எண்களையும் சந்தேகத்தோடு பார்த்தோம். எலுமிச்சையும் சாத்துக்குடியும் நாங்களே பிழிந்தவை, சல்பைட்டுக்கு வழியில்லை. கொய்யாவில் லேசான துவர்ப்பு உண்டு. இடிப்பது நெல்லிதான். நெல்லிக்காயை இரும்பு அரிவாள்மனையில் நறுக்கினால் கறுத்துப்போவதை வீட்டில் எல்லோரும் பார்த்திருப்போம். துவர்ப்பைத் தரும் டானின் இரும்போடு சேர்ந்து தரும் நிறம் அது. டானின்களும் அயோடினைக் கொஞ்சம் செலவழிக்கும், அவற்றை மறைக்க அசிட்டோன் உதவாது. நெல்லியில் வைட்டமின் சி ஏராளம் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் 506-இல் எவ்வளவு டானினுடையது என்று எங்கள் ஆய்வகத்தில் பிரித்துச் சொல்ல வழியில்லை. ரெக்கார்டு நோட்டில் அந்த ஓர் எண்ணை மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறோம்.