நீள்விடை வினா 1: கடும் ஆஸ்துமாத் தாக்குதலும் சிகிச்சையும்

வினா: குடியாத்தத்தில் பீடி சுற்றும் 28 வயதுப் பெண், எடை 52 கிலோ. சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. நீல நிற இன்ஹேலரை மட்டும் பயன்படுத்துகிறார். சளி பிடித்து, இரவு முழுக்க வீசிங். உள்ளூர் கிளினிக்கில் டெரிஃபிலின் ஊசி போட்டும் அடங்காமல், 108 ஆம்புலன்ஸில் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு வருகிறார். ஒரு சொல்லுக்கு மேல் பேச முடியவில்லை. நாடித்துடிப்பு 128, மூச்சு 32, ஆக்சிஜன் செறிவு 90%, பீக் ஃப்ளோ 140 (வழக்கமான சிறந்த அளவு 380). தீவிரத்தை மதிப்பிட்டு, சிகிச்சையை விவரி.

விடை

1. நோயறிதலும் தீவிரமும்

இது உயிருக்கு ஆபத்தான ஆஸ்துமாத் தாக்குதல். பீக் ஃப்ளோ 37%. அதை மட்டும் பார்த்தால் 'கடுமையானது' (33–50%) என்ற வகைதான். மூச்சு 25க்கும், நாடி 110க்கும் மேலே போனதும், வாக்கியத்தை முடிக்க முடியாததும் அதே வகையைத்தான் காட்டுகின்றன. ஆனால் ஆக்சிஜன் 92%க்குக் கீழே இருக்கிறது. அந்த ஒன்றே அடுத்த வகைக்குப் போதும். பீக் ஃப்ளோ 33%க்குக் கீழ், சத்தமில்லாத மார்பு, நீலம் பாய்தல், சோர்வு, குழப்பம், இரத்த அழுத்தம் குறைதல் ஆகியவையும் ஆபத்தின் அடையாளங்களே. வீசிங் சத்தம் குறைந்துவிட்டது என்று நிம்மதி அடையக் கூடாது. காற்றே போகாவிட்டாலும் சத்தம் வராது.

தமனி இரத்த வாயுப் பரிசோதனை உடனே தேவை. இவ்வளவு வேகமாக மூச்சு வாங்குபவருக்குக் கார்பன் டை ஆக்சைடு குறைந்திருக்க வேண்டும். 35–45 மி.மீ. பாதரசம் என 'நார்மலாக' வந்தால் அவர் களைத்துப்போகிறார் என்று பொருள். கூடியிருந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவை அப்போதே அழைக்க வேண்டும்.

மார்பு எக்ஸ்ரே நியூமோதோராக்ஸ் அல்லது நிமோனியா சந்தேகத்துக்கும், சிகிச்சைக்கு அடங்காத நிலைக்கும். அதற்காக நெபுலைசரை நிறுத்திவிட்டு நோயாளியை எக்ஸ்ரே அறைக்கு அனுப்புவது தவறு.

2. சிகிச்சைப் பாய்வுப்படம்

நிமிர்ந்து உட்கார வை → ஆக்சிஜன், இலக்கு 94–98%
↓
சால்பியூட்டமால் + இப்ராட்ரோப்பியம் நெபுலைசர், ஸ்டீராய்டு
↓
15–30 நிமிடத்தில் மறுமதிப்பீடு
↓
தேறுகிறார் → நெபுலைசர் இடைவெளியைக் கூட்டு → வார்டு
தேறவில்லை → சால்பியூட்டமால் தொடர்ச்சியாக + மெக்னீசியம் சல்பேட் → மூத்த மருத்துவர்
↓
இன்னும் மோசம் (சோர்வு, குழப்பம், கார்பன் டை ஆக்சைடு ஏற்றம்) → தீவிர சிகிச்சைப் பிரிவு → செயற்கைச் சுவாசம்

3. முக்கிய மருந்தளவுகள்

சால்பியூட்டமால்: 5 மி.கி., ஆக்சிஜனால் இயக்கப்படும் நெபுலைசரில், 15–30 நிமிடத்துக்கு ஒருமுறை. நெபுலைசர் கிடைக்காத இடத்தில் ஸ்பேசர் வழியே 100 மைக்ரோகிராம் பஃப், 4 முதல் 10 வரை, ஒவ்வொன்றாக.

இப்ராட்ரோப்பியம்: 0.5 மி.கி., அதே நெபுலைசர் கிண்ணத்தில். பின்பு 4–6 மணி நேரத்துக்கு ஒருமுறை.

ஸ்டீராய்டு: பிரெட்னிசோலோன் 40–50 மி.கி. வாய்வழி, தினமும், குறைந்தது 5 நாள். விழுங்க முடியாவிட்டால் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. சிரைவழி, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. பலன் தெரிய சில மணி நேரம் ஆகும். அதனால்தான் முதல் மணி நேரத்திலேயே கொடுக்க வேண்டும்.

மெக்னீசியம் சல்பேட்: 2 கிராம், சிரைவழி, 20 நிமிடத்தில், ஒரே முறை. இரத்த அழுத்தத்தைக் கவனிக்கவும்.

அமினோஃபிலின்: கடைசித் தேர்வு, மூத்த மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. வழக்கமாக முதலில் 5 மி.கி./கிலோ, அதாவது இவருக்கு 260 மி.கி., 20 நிமிடத்தில் ஏற்றுவார்கள். இவருக்கு அது கூடாது. டெரிஃபிலினிலும் தியோஃபிலின்தான் இருக்கிறது. மேலும் ஏற்றினால் இதயத் துடிப்புக் கோளாறும் வலிப்பும் வரலாம். கிளினிக்கில் என்ன ஊசி போட்டார்கள் என்று உடன் வந்தவரிடம் கேட்பது இங்கே சிகிச்சையின் ஒரு பகுதி.

4. கண்காணிப்பும் தவிர்க்க வேண்டியவையும்

சால்பியூட்டமாலும் ஸ்டீராய்டும் பொட்டாசியத்தைக் குறைக்கும், அளந்து ஈடுசெய்யவும். பதற்றமாக இருக்கிறார் என்று தூக்க மருந்து தரக் கூடாது, அந்தப் பதற்றம் மூச்சுத் திணறலால் வருவது. பாக்டீரியத் தொற்று தெளிவாக இல்லாவிட்டால் ஆன்டிபயாட்டிக் வேண்டாம். குழாய் செலுத்த நேர்ந்தால் கெட்டமைன் 1–2 மி.கி./கிலோ நல்ல தேர்வு. வென்டிலேட்டரில் மூச்சு எண்ணிக்கையைக் குறைத்து, காற்று வெளியேற நீண்ட நேரம் விட வேண்டும். இல்லாவிட்டால் நுரையீரலில் காற்று அடைபடும்.

5. வீட்டுக்கு அனுப்பும் முன்

பீக் ஃப்ளோ 75%ஐ, அதாவது இவருக்கு 285ஐத் தாண்டியிருக்க வேண்டும். நீல இன்ஹேலரை மட்டும் நம்பியதுதான் இவரை இங்கே கொண்டுவந்திருக்க வாய்ப்பு. இனி பியூடசோனைடு-ஃபார்மோட்டரால் இன்ஹேலர். அதை நம் முன்னால் இழுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். புகையிலைத் தூசி பற்றிப் பேச வேண்டும். வேலையை விடு என்பது எளிது, கூலி போய்விடும். முகக்கவசம், காற்றோட்டமான திண்ணை, தூங்கும் அறையில் இலை வைக்காமை ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். 2 நாளுக்குள் குடியாத்தம் அரசு மருத்துவமனையில் மறுபரிசோதனை. மீண்டும் மோசமானால் என்ன செய்வது என்பதைத் தமிழில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும்.