பொருள்: படத்தில் இருந்த டிரெயின் பம்ப் வேறு, வந்தது வேறு. பணத்தைத் திருப்பித் தரவும் (ஆர்டர் எண் 40718-2263)

வணக்கம்.

நவம்பர் 3 அன்று உங்களிடம் ஆர்டர் செய்த ஃபிரண்ட் லோடு வாஷிங் மெஷின் டிரெயின் பம்ப், 8ஆம் தேதி மடிப்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பம்புக்கு 1,149 ரூபாய், டெலிவரிக்கு 80 ரூபாய், ஆக 1,229 ரூபாயை யுபிஐ மூலம் முன்கூட்டியே கட்டிவிட்டேன். பெட்டியைப் பிரித்த உடனே தெரிந்துவிட்டது, நீங்கள் படம் போட்டு விற்ற பம்ப் இது இல்லை என்று. இதைப் பற்றி ஏற்கெனவே சாட்டில் எழுதினேன். அங்கே கிடைத்த பதில் ஏற்கும்படி இல்லாததால் இந்த மின்னஞ்சல். தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் நகல் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் பக்கத்தில் நான்கு படங்கள் போட்டிருக்கிறீர்கள். முதல் படத்தில் பம்பின் வாயைச் சுற்றிச் சின்னச் சின்னப் பற்கள் தெரிகின்றன. ஹவுசிங்கில் வைத்து ஒரு திருகு திருகினால் லாக் ஆகிவிடும் வகை அது. இரண்டாவது படத்தில், வயர் மாட்டும் இரண்டு பின்களும் பின்பக்கம் ஒரே சாக்கெட்டுக்குள் ஒட்டி இருக்கின்றன. மூன்றாவது படத்தில் லேபிளைக் கிட்டத்தில் காட்டி, 220-240V, 50Hz, 30W என்று படிக்கிற அளவுக்குத் தெளிவாகவே எடுத்திருக்கிறீர்கள். என் மெஷினிலிருந்து கழற்றிய பழைய பம்பை ஃபோன் திரைக்குப் பக்கத்தில் வைத்து, பல் பல்லாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பணம் கட்டினேன்.

வந்த பம்பில் பற்களே கிடையாது. அதற்குப் பதிலாக மூன்று காதுகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்க்ரூ ஓட்டை. என் மெஷினின் ஹவுசிங்கில் ஸ்க்ரூ போட இடமே இல்லை. பின்கள் ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளித் தள்ளி நிற்கின்றன. மெஷினிலிருந்து வரும் வயரின் முனையில் இருப்பதோ ஒரே சாக்கெட். லேபிளில் 25W என்று இருக்கிறது. ஒரு பொருத்தமாவது வேண்டாமா? பார்க்க இரண்டுமே கறுப்பும் வெள்ளையுமாக இருக்கின்றன, அவ்வளவுதான்.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தில் அச்சிட்ட பெட்டி. வந்தது எழுத்தே இல்லாத வெள்ளை அட்டைப் பெட்டி. தயாரித்தவர் பெயர் இல்லை, எம்ஆர்பி இல்லை, எந்த நாட்டில் செய்தது என்பதும் இல்லை. "ஒரிஜினல்" என்று தலைப்பில் எழுதியிருக்கிறீர்கள். யாருடைய ஒரிஜினல் என்று கேட்டால் பெட்டியிடம் பதில் இல்லை.

சாட்டில் உங்கள் ஊழியர் மூன்று காரணங்கள் சொன்னார். முதலாவது, படம் மாதிரிக்கு மட்டும் என்பது. சட்டை வாங்குகிறவருக்கு இதைச் சொன்னால், நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று அவர் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்குகிறவருக்குப் படம்தான் அளவு. உங்கள் பக்கத்தில் மாடல் எண் கொடுக்கவில்லை, பார்ட் நம்பர் கொடுக்கவில்லை, "பெரும்பாலான ஃபிரண்ட் லோடு மெஷின்களுக்குப் பொருந்தும்" என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். அந்த நிலையில் பற்களையும் பின்களையும் படத்தில் பார்க்காமல் வேறு எதைப் பார்த்து வாங்குவது? படம் மாதிரிக்கு என்றால் லேபிளை அவ்வளவு கிட்டத்தில் காட்டியிருக்க வேண்டாம்.

இரண்டாவது, "மெக்கானிக் அட்ஜஸ்ட் பண்ணிப் போட்டுடுவார் சார்" என்பது. எங்கள் தெரு மெக்கானிக்கிடமும் காட்டினேன். கையில் வாங்கியதுமே, "இது ஸ்க்ரூ டைப், உங்களுது திருகுற டைப், உட்காராது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஹவுசிங்கில் ஓட்டை போட்டு எம்-சீல் அப்பி உட்கார வைக்கச் சொல்கிறீர்களா? டிரம்மின் மொத்தத் தண்ணீரும் அந்த வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே 230 வோல்ட் வயர் போகிறது. கசிந்தால் யார் பொறுப்பு என்று கேட்டதற்கு உங்கள் ஊழியர் பதில் போடவில்லை; ஒரு கும்பிடு எமோஜி மட்டும் வந்தது.

மூன்றாவது, பெட்டி பிரிக்கும் வீடியோ இல்லாமல் ரிட்டர்ன் கிடையாது என்பது. பார்சல் உடைந்து வந்தது, உள்ளே பொருள் குறைந்தது என்று நான் புகார் சொன்னால் வீடியோ கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய இன்வாய்ஸில் உள்ள சரக்குக் குறியீடும், இந்தப் பம்பின் பெட்டியில் நீங்களே ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள குறியீடும் ஒன்றுதான். அதாவது நீங்கள் இந்தப் பம்பைத்தான் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதற்குமேல் வீடியோ எதை நிரூபிக்கப் போகிறது? பம்பை மெஷினில் பூட்டவில்லை, கரண்ட் கொடுத்தும் பார்க்கவில்லை. பின்களில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில் இது தெளிவாகவே இருக்கிறது. விளம்பரத்தில் காட்டிய தன்மை பொருளில் இல்லை என்றால், விற்பவர் அதைத் திரும்ப எடுக்கவும் பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கக்கூடாது. புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. உங்கள் கடையின் ரிட்டர்ன் பாலிசியில் என்ன எழுதியிருந்தாலும் அது இதற்குக் கீழேதான்.

எனக்கு வேண்டியது 1,229 ரூபாய் முழுவதும், பணம் வந்த அதே யுபிஐ கணக்குக்கு. டெலிவரி 80 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதி தருவது, உங்கள் கடையின் வாலட்டில் ஏற்றித் தருவது, 200 ரூபாய் தள்ளுபடி கொடுத்து இதையே வைத்துக்கொள்ளச் சொல்வது (இதுவும் சாட்டில் வந்தது) எதற்கும் நான் ஒப்பவில்லை. பம்பை என் வீட்டிலிருந்து நீங்கள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கூரியர் செலவு என் தலையில் விழக்கூடாது.

படத்தில் உள்ள பம்ப் உண்மையிலேயே உங்கள் ஸ்டாக்கில் இருந்தால், அனுப்பப்போகும் அதே பீஸைக் கையில் பிடித்து, வாய்ப்பக்கமும் பின்பக்கமும் தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சரியென்று நான் பதில் போட்ட பிறகு மட்டும் அனுப்பலாம். ரீஃபண்டுக்குப் பதில் அதை ஏற்றுக்கொள்கிறேன். இல்லையென்றால் பணம்தான். கூடவே, பக்கத்தில் உள்ள படத்தை மாற்றுங்கள். விமர்சனங்களில் இன்னொருவரும் ஸ்க்ரூ டைப் வந்ததாக எழுதியிருக்கிறார். அவருக்கும் "மெக்கானிக்கைக் கேளுங்கள்" என்றே பதில் போட்டிருக்கிறீர்கள்.

மழை நாளில் வீட்டில் மெஷின் ஓடவில்லை என்றால் என்ன பாடு என்று சொல்லத் தேவையில்லை. கடைசியாகப் போட்ட துணியை எடுக்க, கீழே உள்ள சின்னக் கதவைத் திறந்து, டிரம் தண்ணீரைத் தட்டில் பிடித்துப் பிடித்து ஊற்றினோம். அப்போதிருந்து ஐந்து பேர் துணியும் கைத்துவையல்தான். அதற்கு நான் இப்போது நஷ்டஈடு கேட்கவில்லை. நவம்பர் 20க்குள் பணமோ சரியான பம்போ வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவுசெய்வேன். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டியிருந்தால், அங்கே இதையும் சேர்த்தே கேட்பேன்.

பம்பை எடுக்க வருகிறவர் மாலை ஐந்து மணிக்கு மேல் வந்தால் வீட்டில் ஆள் இருக்கும். ஆர்டரில் உள்ள எண்ணுக்கு ஒரு ஃபோன் போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கி. சுந்தரவடிவேல்
மடிப்பாக்கம், சென்னை

இணைப்பு: உங்கள் பக்கத்தின் நான்கு படங்கள் (ஸ்கிரீன்ஷாட்), பழைய பம்பும் வந்த பம்பும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படங்கள், பெட்டியும் ஸ்டிக்கரும், இன்வாய்ஸ், யுபிஐ ரசீது, சாட் முழுவதும்.