ஆத்தங்குடிக் கல் பட்டறை மூடல் அறிவிப்பு

வாடிக்கையாளர்கள், தொழிலாளர்கள், சரக்குத் தருவோர் அனைவருக்கும் வணக்கம்.

எடுத்து நடத்த அடுத்த ஆள் இல்லாததால் 31.03.2026 அன்று நமது பட்டறையை நிரந்தரமாக மூடுகிறோம். கடன் தொல்லையோ வழக்கோ எதுவும் இல்லை. வீண் பேச்சை நம்ப வேண்டாம்.

பிப்ரவரி 20க்குப் பிறகு புது ஆர்டர் எடுக்க மாட்டோம். வார்த்த கல் தண்ணீரில் ஊறி, காய்ந்து வர நாள் பிடிக்கும். அவசரப்படுத்தினால் கல்தான் கெடும். முன்பணம் கட்டியவர்களுக்குக் கல் தர முடியாமல் போனால் முழுப் பணமும் திரும்பும். ரசீது கொண்டு வாருங்கள், தொலைந்திருந்தால் நம் பேரேட்டில் பார்த்துக்கொள்ளலாம். பழைய வீட்டுத் தளத்துக்குச் சேர்க்கை வேண்டுவோர் பத்து இருபது கல் கூடுதலாக இப்போதே வாங்கி வைப்பது நல்லது. அதே பூ வேறு பட்டறையில் கிடைக்கும், அதே நிறம் அமைவது சிரமம்.

தொழிலாளர்களுக்கு மார்ச் கூலியோடு, வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் கூலி சேர்த்து 31ஆம் தேதியே கையில் தரப்படும். வருங்கால வைப்புநிதி, வங்கிக் கடன் தாள்களுக்குக் கையெழுத்து வேண்டுமானால் முன்னதாகக் கேளுங்கள்.

சிமெண்ட், மணல், கண்ணாடி, சாயப்பொடி தருவோர் மார்ச் 10க்குள் பில் அனுப்பினால் மாதக் கடைசிக்குள் கணக்கு முடியும். இனிமேல் கேட்காமல் லோடு இறக்க வேண்டாம்.

அச்சுகள், மரச் சட்டங்கள் விற்பனைக்கு உண்டு. பட்டறையில் வேலை செய்தவர்களுக்கே முதல் உரிமை. விலையும் அவர்களுக்குப் பாதிதான்.

ஏப்ரல் முழுவதும் காலை 10 முதல் 1 மணி வரை கணக்கு வழக்குக்காக அலுவலகம் திறந்திருக்கும்.

இப்படிக்கு,
உரிமையாளர்
ஆத்தங்குடி
12.01.2026