பஸ் நேரம் மாறுகிறது: திங்கள் (15.06.2026) முதல் 30 நிமிடம் முன்னதாக

கல்லூரிப் போக்குவரத்து அலுவலகம், ஒத்தக்கால்மண்டபம்
நாள்: 11.06.2026

முதல் வகுப்பு 9.00-க்குப் பதில் 8.30-க்குத் தொடங்குகிறது. அதனால் காலை பஸ்கள் எல்லாமே அரை மணி நேரம் முன்னதாக வரும். கீழே இருப்பவை புதிய நேரங்கள். உங்கள் நிறுத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

பஸ் 3
துடியலூர் 6.55
கவுண்டம்பாளையம் 7.05
சாய்பாபா காலனி 7.12
காந்திபுரம் 7.25
உக்கடம் 7.40
சுந்தராபுரம் 7.50
ஈச்சனாரி 7.55
கல்லூரி 8.15

பஸ் 7
சூலூர் 6.45
ஒண்டிப்புதூர் 7.00
சிங்காநல்லூர் 7.08
ராமநாதபுரம் 7.18
சுங்கம் 7.23
உக்கடம் 7.32
கரும்புக்கடை 7.37
மலுமிச்சம்பட்டி 7.58
கல்லூரி 8.10

பஸ் 11
பொள்ளாச்சி 7.20
கோவில்பாளையம் 7.35
கிணத்துக்கடவு 7.45
கல்லூரி 8.05

கரும்புக்கடையில் ஏறுபவர்கள் கவனிக்கவும்: பஸ் 3 இனி உக்கடம் மேம்பாலத்தில் ஏறிப் போகும். கரும்புக்கடையில் நிற்காது. உங்களுக்கு பஸ் 7 மட்டும்தான், அது பாலத்துக்குக் கீழே பழைய வழியிலேயே வரும். இதுவரை பஸ் 3-இல் வந்தவர்களுக்கும் அதில் இடம் ஒதுக்கியாயிற்று. பழைய பாஸைக் காட்டினால் போதும், மாற்ற வேண்டாம்.

மாலை: மூன்று பஸ்களும் 3.50-க்குக் கிளம்பும் (முன்பு 4.20). லேப் முடித்து வருபவர்களுக்கான 5.15 பஸ்கள் 3, 11 இரண்டும் வழக்கம்போல உண்டு. பஸ் 7-க்கு 5.15 நடை கிடையாது. சூலூர் பக்கம் போகிறவர்கள் பஸ் 3-இல் உக்கடம் வரை போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடிக்க வேண்டியிருக்கும். இது சிரமம்தான். 5.15-க்கு எத்தனை பேர் வருகிறீர்கள் என்று தெரிந்தால் அந்த நடையையும் கேட்டு வாங்க முடியும். அலுவலகத்தில் இருக்கும் நோட்டில் பெயர், துறை, இறங்கும் நிறுத்தம் மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள்.

பஸ்ஸை விட்டுவிட்டால்: உக்கடத்தில் பொள்ளாச்சி போகும் அரசு பஸ்ஸில் ஏறுங்கள். ஒன் டு ஒன் பஸ்ஸில் ஏறிவிடாதீர்கள், ஒத்தக்கால்மண்டபத்தில் நிற்காது. ஜூன் 19 வெள்ளி வரை, 8.45-க்குள் வந்துவிட்டால் முதல் வகுப்புக்கு ஆப்சென்ட் போட மாட்டார்கள். துறைத் தலைவர்களிடம் பேசி ஒப்புதல் வாங்கியிருக்கிறோம். எனவே நகரும் பஸ்ஸின் பின்னால் ஓடாதீர்கள், படியில் தொற்றி ஏறவே ஏறாதீர்கள். டிரைவருக்கு இடது பக்கக் கண்ணாடியில் பின்படியில் இருப்பவர் எல்லா நேரமும் தெரிவதில்லை.

ஐந்து நிமிடம் முன்பே நிறுத்தத்துக்கு வந்து நில்லுங்கள். சனிக்கிழமை வகுப்பு இருந்தால் அன்றும் இதே நேரம்தான். முதலாண்டு மாணவர்கள் வீட்டிலும் இந்த நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் முதன்மை வாசலை ஒட்டிய போக்குவரத்து அலுவலகத்துக்கு வாருங்கள், காலை 8.00 முதல் மாலை 5.30 வரை ஆள் இருப்பார்கள்.

போக்குவரத்து அலுவலர்