கொழுந்துக் கணக்கு: இரட்டைப் பதிவுக் கோளாறு பற்றிய ஒப்படைப்புக் குறிப்பு

தம்பிக்கு,

வெள்ளிக்கிழமையோடு நான் கிளம்புகிறேன். சர்வர் நிறுவல், பேக்கப், யாருக்கு என்ன அனுமதி என்பதெல்லாம் தனிக் கோப்பில் இருக்கின்றன. அவற்றைப் படித்தாலே போதும், கேள்வி வராது. இந்தக் குறிப்பு ஒரே ஒரு கோளாறைப் பற்றியது. அதை நான் சரிசெய்யவில்லை, கட்டுப்போட்டு வைத்திருக்கிறேன். கட்டு எங்கே அவிழும் என்பது இப்போதைக்கு எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கம் என்பதால் தேயிலைத் தோட்டத்தில் வேலை நடக்கும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போவார்கள். நாளுக்கு மூன்று தடவை கொழுந்து நிறுப்பார்கள். கணக்கப்பிள்ளை கைக்கருவியில் ஆளின் நம்பரைத் தட்டுவார், தராசு புளூடூத் வழியாக எடையை அனுப்பும், கழிவு போக மிச்சம் பதிவாகும், சின்ன பிரிண்டரில் ஒரு துண்டு வரும். அந்தத் துண்டை மறக்கவேண்டாம், பின்னால் வருகிறது.

கைக்கருவி பதிவுகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும்போது 50 பதிவாக சர்வருக்கு அனுப்பும். சர்வர் 50-ஐயும் ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதிவிட்டு "கிடைத்தது" என்று பதில் போடும். 15 விநாடிக்குள் பதில் வராவிட்டால் கருவி மறுபடியும் அனுப்பும். மேற்பிரிவில் சிக்னல் மலைக்குப் பின்னால் ஒளிந்து விளையாடும். பதிவு வந்து சேர்ந்துவிடும், பதில் திரும்பிப் போகாது. கருவி மறுபடி அனுப்பும், சர்வர் மறுபடி எழுதும். ஒருத்தி 18 கிலோ எடுத்தால் கணக்கில் 36 நிற்கும்.

இதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு பதிவுக்கும் `uuid` இருக்கிறது. ஆனால் எனக்கு முன் இருந்தவர் அதை நிறுக்கும் நேரத்தில் உண்டாக்காமல் அனுப்பும் நேரத்தில் உண்டாக்கிவிட்டார். மறுபடி அனுப்பும்போதெல்லாம் புது `uuid`. கோளாறு இவ்வளவுதான், ஆப்பில் இரண்டு வரி மாற்றினால் தீரும்.

அந்த இரண்டு வரியை ஏன் மாற்றவில்லை? ஆப்பில் கையொப்பமிட்ட keystore கோப்பு தொலைந்துவிட்டது. வேறு சாவியால் கையொப்பமிட்ட ஆப்பை ஆண்ட்ராய்டு பழையதன் மேல் ஏற்றிக்கொள்ளாது. பழையதை நீக்கித்தான் ஏற்றவேண்டும். நீக்கினால் அனுப்பாமல் கிடக்கும் பதிவுகளும் சேர்ந்து போய்விடும். அது யாரோ ஒருவரின் அன்றைய கூலி.

இப்போதைக்கு ஓடும் கட்டு

`weighings` அட்டவணையில் `weigh_min` என்று ஒரு நிரல் இருக்கும். எடை போட்ட நேரம் அதில் நிமிடம் வரைதான் இருக்கிறது, விநாடி இல்லை. தராசும் அரைக் கிலோ படியில்தான் காட்டும். அதனால் ஒரே ஆள், ஒரே நிமிடம், ஒரே எடை என்றால் இரட்டைதான் என்று முதலில் நானும் நினைத்தேன். அப்படியே `dedupe.py` எழுதி, இரவு 8:30-க்கு ஓடவிட்டேன்.

மூன்றாம் நாள் 214-ஆம் நம்பர் அக்கா ஆபீஸ் வாசலில் நின்றார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த துண்டை எடுத்து நீட்டினார். ஈரத்தில் ஓரம் சுருண்டிருந்தாலும் எழுத்து தெரிந்தது: 10:42, 12.5 கிலோ. அடுத்த வரியிலும் 10:42, 12.5 கிலோ. இரண்டு படங்கு நிறையக் கொழுந்து கொண்டுவந்து அடுத்தடுத்து நிறுத்திருக்கிறார். என் ஸ்கிரிப்ட் ஒன்றை இரட்டை என்று ஒதுக்கிவிட்டது. "கொழுந்து போட்டது நான், கணக்குல இல்லைன்னா எங்க போச்சு?" என்றார். என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். அன்று இரவு நான் தூங்கவில்லை.

அதற்குப் பிறகு விதியை மாற்றினேன். மறுபடி அனுப்பியது எப்போதும் வேறு `batch_id`-யில் வரும். இரண்டு படங்கு நிறுத்தது ஒரே `batch_id`-யில் வரும். ஆகவே ஒரே பேட்ச்சுக்குள் இருக்கும் ஜோடியை ஸ்கிரிப்ட் தொடாது. பேட்ச் தாண்டி ஒத்துப்போனால் முதல் பேட்ச்சில் வந்ததை வைத்துக்கொண்டு பின்னால் வந்ததற்கு `is_dup = 1` போடும். எதையும் அழிக்காது, நீங்களும் அழிக்கவேண்டாம்.

இதில் இன்னும் ஒரு ஓட்டை உண்டு. முதல் படங்கு 50-ஆவது பதிவாகவும் இரண்டாவது படங்கு அடுத்த பேட்ச்சின் முதல் பதிவாகவும் விழுந்தால், உண்மையான எடை இரட்டையாகத் தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து குவியும்போது இதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நிஜமான மறு அனுப்பல் கூட்டமாக வரும்: 50, 37, 22 என்று. `dedupe.log`-இல் ஒரு கருவிக்கு ஒன்றே ஒன்று மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு அந்த ஆளின் துண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். துண்டில் இரண்டு வரி இருந்தால் இரண்டும் உண்மை. அந்தப் பதிவுக்கு `is_dup = 2` போட்டால் ஸ்கிரிப்ட் பிறகு அதைத் தொடாது.

காலையில் வந்ததும் இதை ஓட்டிப் பாருங்கள்:

```sql
SELECT device_id, worker_no, weigh_min, net_kg
FROM weighings
WHERE work_date = CURDATE() - INTERVAL 1 DAY
  AND is_dup = 0
  AND NOT (app_ver <=> 3)
GROUP BY device_id, worker_no, weigh_min, net_kg
HAVING COUNT(DISTINCT batch_id) > 1;
```

ஒன்றும் வராவிட்டால் சரி. ஏதாவது வந்தால் நேற்றிரவு ஸ்கிரிப்ட் ஓடவில்லை என்று அர்த்தம். கையால் ஓட்டவேண்டும், முதலில் ஒத்திகை:

```
python3 /opt/kolundhu/dedupe.py --date 2025-06-14 --dry-run
```

எண்ணிக்கை நியாயமாகத் தெரிந்தால் `--dry-run` இல்லாமல் ஓட்டுங்கள். எத்தனை முறை ஓட்டினாலும் கெடுதல் இல்லை.

எப்போது அவிழும்

பெரும்பாலும் கரண்ட் போகும்போது. ஜெனரேட்டர் பேக்டரிக்கு மட்டும்தான், ஆபீஸுக்கு இல்லை. இரவு 8:30-க்கு சர்வர் அணைந்திருந்தால் cron அந்த வேலையைத் தவறவிட்டது தவறவிட்டதுதான், பிறகு தானாக ஓட்டாது. `@reboot` வரி ஒன்றும் வைத்திருக்கிறேன். அதில் `sleep 120` இருப்பது அசிங்கமாகத் தெரியும், எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் MySQL எழும்புவதற்கு முன் ஸ்கிரிப்ட் ஓடி விழும். ஆனால் `@reboot` அன்றைய தேதிக்குத்தான் ஓடும். கரண்ட் நள்ளிரவுக்குப் பிறகு வந்தால் முந்திய நாளை நீங்கள்தான் ஓட்டவேண்டும். தென்மேல் பருவமழை ஆரம்பித்துவிட்டது, இந்த மாதங்களில் இது அடிக்கடி நடக்கும்.

இரவு 9:00-க்குச் சம்பளக் கணக்குக்கு ஏற்றுமதி போகிறது. அதற்குப் பிறகு நீங்கள் திருத்துவது அங்கே தானாகப் போய்ச்சேராது. திருத்திய அதே நாள் காலையிலேயே பெரிய கிளாக்கரிடம் எழுதிக்கொடுங்கள், அவர் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் கையால் திருத்துவார். மாதம் முடிந்த பிறகு போனால் அவருக்குக் கோபம் வரும், நியாயமான கோபம். 10-ஆம் தேதி சம்பளம் போட்ட பிறகு போனால், கூடிப்போன காசை அடுத்த மாதம் பிடிப்பார்கள். அந்த நிலைமை வரவே கூடாது.

மற்ற அறிகுறிகள்: மலைக் கணக்கும் பேக்டரி எடையும் ஒருபோதும் ஒத்துப்போகாது. லொறியில் போகும்போது ஈரம் குறைவதால் மலைக் கணக்கு ஒன்றிரண்டு சதவீதம் கூட நிற்கும். ஒரு பிரிவில் மட்டும் ஐந்து சதவீதம் தாண்டினால் இரட்டை புகுந்துவிட்டது. பேக்டரி எடை மலைக் கணக்கைவிடக் கூடினால் அது இன்னும் மோசம், உண்மையான கொழுந்தை நாம் ஒதுக்கிவிட்டோம். கூடிப்போனதைக் கணக்கப்பிள்ளை போன் போட்டுச் சொல்வார். குறைந்துபோனதைச் சொல்ல ஆள் நேரில் வரவேண்டும், அதற்கு அவர் அரை நாளை இழக்கவேண்டும். ஆகவே துண்டோடு ஒருவர் வந்து நின்றால் முதலில் அவரை நம்புங்கள், லாக்கைப் பிறகு பாருங்கள்.

கருவி 07-இல் பற்றரி செத்துப்போனால் தேதி பின்னால் போய்விடும். பழைய `work_date`-ஓடு பதிவு வந்தால் அந்தக் கருவிதான். அது வேறு கதை, ஆனால் அந்தப் பதிவுகள் ஸ்கிரிப்ட்டின் கண்ணில் படாது.

செய்யவேண்டாம்

முதல் வாரமே உங்களுக்கு UNIQUE இண்டெக்ஸ் போடத் தோன்றும். எனக்கும் தோன்றியது, போட்டேன். ஒரு பதிவு முட்டியதும் 50-ம் திரும்பிப் போனது. கருவி அதே 50-ஐ மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருந்தது, பின்னால் இருந்த பதிவுகள் எல்லாம் வரிசையில் மாட்டிக்கொண்டன. மத்தியானம் நிறுவை முடிவதற்குள் மூன்று கணக்கப்பிள்ளைகள் போன் போட்டுவிட்டார்கள். பேட்ச் அளவையும் குறைக்கவேண்டாம். குறைத்தால் எல்லைகள் கூடும், எல்லைகள் கூடினால் நான் மேலே சொன்ன ஓட்டை பெரிதாகும்.

உண்மையான தீர்வு, பாதியில் நிற்கிறது

புது ஆப் தயார். `applicationId`-ஐ மாற்றியிருப்பதால் பழையதன் பக்கத்திலேயே ஏறும். `uuid` நிறுக்கும்போதே உண்டாகிறது. மொத்தம் 11 கருவிகள். 02, 05, 09 முடிந்தன, எட்டு பாக்கி. முடிந்த கருவிகளிலிருந்து வருவது `app_ver = 3` என்று இருக்கும், ஸ்கிரிப்ட் அதைத் தொடாது.

ஏற்றும் முறை: பழைய ஆப்பைத் திறந்து, "அனுப்பவேண்டியவை" என்ற இடத்தில் 0 வரும்வரை சிக்னல் உள்ள இடத்தில் வைத்திருங்கள். சர்வரிலும் கடைசிப் பதிவு வந்துவிட்டதா என்று பாருங்கள். பிறகு பழையதை நீக்கி, உடனே புதியதை ஏற்றுங்கள். இரண்டையும் ஒன்றாக விட்டுவைக்கவேண்டாம். 02-இல் அப்படி விட்டேன், கணக்கப்பிள்ளை பழக்கத்தில் பழைய படத்தைத் தட்ட, இரண்டு ஆப்பும் தராசுக்குச் சண்டை போட்டன. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பார்கள். போயா நாள் நல்லது, ஆனால் அன்றும் மலையில் ஆள் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

புது keystore இரண்டு பிரதி. ஒன்று சர்வரில் `/opt/kolundhu/keys`, மற்றது பெரிய கிளாக்கரின் இரும்புப் பெட்டியில் ஒரு பென்டிரைவில். பென்டிரைவில் மஞ்சள் நூல் கட்டியிருக்கிறேன். அவர் அதைக் கோயில் நூல் என்று நினைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார், அப்படியே இருக்கட்டும்.

எட்டும் முடிந்து, ஒரு முழு மாதம் `is_dup = 1` ஒன்றுகூட விழாவிட்டால் cron வரியை எடுத்துவிடலாம். அதுவரை ஒவ்வொரு காலையும் அந்த SQL. இந்த மாதக் கணக்கு மூடும்வரை இரவில் எத்தனை மணிக்கானாலும் போன் எடுங்கள். ஹட்டனில்தான் இருப்பேன்.

அக்கா