மிதக்குமா, மூழ்குமா? ஒன்றாம் வகுப்புக்கான செயல்பாட்டுத் திட்டமும் பதிவுத் தாளும்

காரைக்குடி வட்டாரக் கிராமப் பள்ளி ஒன்றின் ஒன்றாம் வகுப்பு, சூழ்நிலையியல். 24 பிள்ளைகள், நான்கு நான்கு பேராக ஆறு குழு. இரண்டு நாள், நாளுக்கு 45 நிமிடம். முதல் நாள் கணிப்பும் சோதனையும், மறுநாள் களிமண் படகு. ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் படகு அரைகுறையாகிவிடும்.

இந்தப் பாடத்தில் பிள்ளைகள் சரியாகச் சொன்னார்களா என்பது இரண்டாம் பட்சம். தண்ணீரில் போடும் முன்பே கணிப்பு தாளில் ஏறிவிட வேண்டும், ஏறியது அழியக்கூடாது. அதனால் பென்சிலும் அழிரப்பரும் பைக்குள்ளேயே இருக்கட்டும், பதிவுக்கு கிரேயான் மட்டும். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்பது பெரிய விஷயம். கையில் ரப்பர் இருந்தால் கத்திரிக்காய் மிதந்த அடுத்த நொடியே ‘மூழ்கும்’ என்று போட்டது ‘மிதக்கும்’ ஆகியிருக்கும்.

பொருள்கள்

ஆசிரியர் மேசைக்கு: மட்டை உரிக்காத நெற்றுத் தேங்காய் ஒன்று, அது தாராளமாகப் புரளும் அளவுக்குப் பெரிய பேசின் ஒன்று, அடி தட்டையான சின்ன ஸ்டீல் கிண்ணம் ஒன்று.

ஒவ்வொரு குழுவுக்கும்: புளியங்கொட்டை 5, ஆத்தங்குடிக் கல்லின் உடைசல் ஒன்று (ஓரங்களை உப்புத்தாளில் தேய்த்தது), விரல் நீளத் தேக்குத் துண்டு ஒன்று, கத்திரிக்காய் ஒன்று, அதே பருமனில் உருளைக்கிழங்கு ஒன்று, ஸ்டீல் ஸ்பூன் ஒன்று, தண்ணீர் பாட்டில் மூடி ஒன்று, மெழுகுவர்த்தித் துண்டு ஒன்று, ஒரு தட்டு, ஒரு துண்டு.

தொட்டிக்கு 20 லிட்டர் தண்ணீர் கேனை அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வெட்டி, வெட்டு விளிம்பைச் சுற்றிலும் செல்லோ டேப் இரண்டு சுற்று ஒட்டிக்கொள்ளலாம். பக்கவாட்டில் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் கேன். எவர்சில்வர் குண்டானில் மேலிருந்து மட்டும் பார்த்தால் கத்திரிக்காய் எவ்வளவு தண்ணீருக்குள் இருக்கிறது, எவ்வளவு வெளியே நிற்கிறது என்று தெரியாது. தண்ணீர் 15 செ.மீ. ஆழம் இருக்கட்டும். ஐந்து செ.மீ. மட்டும் ஊற்றினால் உருளைக்கிழங்கின் தலை வெளியே நிற்கும், பிள்ளைகள் ‘மிதக்குது’ என்பார்கள்.

பொருள்களைக் கண்டபடி சேர்க்கவில்லை. ‘கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும்’ என்பதுதான் இந்த வயதில் எல்லோரும் சொல்வது. அதை உடைக்கத்தான் தேங்காயும் புளியங்கொட்டையும்: வகுப்பிலேயே கனமான பொருள் மிதக்கும், குட்டியூண்டு பொருள் மூழ்கும். கத்திரிக்காயும் உருளையும் ஒரே பருமன், முடிவு வேறு. ஸ்பூனும் கிண்ணமும் ஒரே ஸ்டீல், அங்கேயும் முடிவு வேறு.

தக்காளி, வெங்காயம், எலுமிச்சை, மாங்காய் வேண்டாம். ஒரு குழுவில் மிதக்கும், அடுத்த குழுவில் மூழ்கும்; முதல் நாளிலேயே அந்தக் குழப்பம் தேவையில்லை. பிளாஸ்டிக் ஸ்பூனும் அப்படித்தான், வகைக்கு வகை மாறும். பாட்டில் மூடியில் சந்தேகமே இல்லை. மரத்திலும் கவனம்: தேக்கு மிதக்கும், வைரம் பாய்ந்த கருங்காலி மூழ்கும். புளியங்கொட்டைகளை முந்தின நாளே ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிடுங்கள். வண்டு துளைத்தது மேலே வரும், அதைத் தனியே எடுத்து வையுங்கள். பிறகு உதவும்.

இடம்

வராந்தாவோ வேப்பமர நிழலோ நல்லது. வழவழப்பான பூக்கல் தரையில் தண்ணீர் சிந்தினால் வழுக்கும், சாக்கு விரித்து உட்கார வையுங்கள். தொட்டியில் தண்ணீர் இருக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் அந்த இடத்தை விட்டு நகரவே கூடாது. புளியங்கொட்டையை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். மூக்கிலும் காதிலும் போட்டுப் பார்க்கிற வயசு. ஊருணிக்கரைக்கு அழைத்துப்போய்ச் செய்யலாமே என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள்.

முதல் நாள்: கணிப்பு (15 நிமிடம்)

தொட்டிகள் மூடியே இருக்கட்டும். பொருள்களைக் கையில் கொடுங்கள். தூக்கிப் பார்க்கட்டும், தட்டிப் பார்க்கட்டும், கத்திரிக்காயை மோந்துகூடப் பார்க்கட்டும்.

சுவரில் ஒரு சார்ட். அதில் மூன்றே பொருள்: தேங்காய், புளியங்கொட்டை, ஸ்டீல் கிண்ணம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தொட்டிப் படம், நடுவில் நீலத் தண்ணீர்க் கோடு. ஒவ்வொரு பிள்ளையும் வந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்ட வேண்டும். மிதக்கும் என்றால் கோட்டின் மேல், மூழ்கும் என்றால் தொட்டியின் அடியில். மூன்று பொருளுக்கும் சேர்த்து 72 பொட்டு வேண்டும். ஒட்டி முடித்ததும் மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எல்லோருமாக எண்ணி எழுதுங்கள். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து ஒட்டுவதைத் தடுக்க முடியாது. ஏன் என்று கேட்டால் மட்டும் போதும்:

“நீ ஏன் கண்ணு கீழ ஒட்டுன?”

“தேங்கா வெயிட்டா இருக்குல்ல டீச்சர், முங்கிரும்.”

“சரி. புளியங்கொட்டைய எங்க ஒட்டப் போற?”

“மேல. அது குட்டியா இருக்கு.”

இதற்கு ‘சரி’, ‘தப்பு’, ‘யோசிச்சுச் சொல்லு’ என்று எதுவும் சொல்ல வேண்டாம். முகத்தையும் கொஞ்சம் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். நம் புருவம் உயர்ந்தால் பொட்டு இடம் மாறிவிடும்.

அடுத்து அவரவர் தாள். ஏ4 தாளில் இப்படி அச்சிட்டு, பொருளின் பெயருக்குப் பக்கத்தில் கோட்டோவியம் வரைந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் படம்தான் வழி.

| பொருள் | நான் நினைப்பது (பச்சை கிரேயான்) | நடந்தது (சிவப்பு கிரேயான்) |
|---|---|---|
| புளியங்கொட்டை | மேலே ○ கீழே ○ | மேலே ○ கீழே ○ |
| ஆத்தங்குடிக் கல் | மேலே ○ கீழே ○ | மேலே ○ கீழே ○ |
| தேக்குத் துண்டு | மேலே ○ கீழே ○ | மேலே ○ கீழே ○ |
| கத்திரிக்காய் | மேலே ○ கீழே ○ | மேலே ○ கீழே ○ |
| உருளைக்கிழங்கு | மேலே ○ கீழே ○ | மேலே ○ கீழே ○ |
| ஸ்பூன் | மேலே ○ கீழே ○ | மேலே ○ கீழே ○ |
| பாட்டில் மூடி | மேலே ○ கீழே ○ | மேலே ○ கீழே ○ |
| மெழுகுவர்த்தி | மேலே ○ கீழே ○ | மேலே ○ கீழே ○ |

பச்சைப் பகுதி முடிந்ததும் பச்சை கிரேயானை வாங்கி வைத்துவிட்டு, அதன் பிறகே சிவப்பைக் கொடுங்கள்.

சோதனை (20 நிமிடம்)

குழுவில் ஒருவர் போடுவார், ஒருவர் ஐந்து வரை எண்ணுவார், ஒருவர் பக்கவாட்டில் குனிந்து பார்த்துச் சொல்வார், ஒருவர் எடுத்துத் துடைத்துத் தட்டில் வைப்பார். அடுத்த பொருளுக்கு வேலை கைமாறும். நான்கு பேரும் அவரவர் தாளில் சிவப்பு அடித்த பிறகே அடுத்த பொருள்.

போடும் முறை எல்லோருக்கும் ஒன்றே: இரண்டு விரலால் பிடித்துத் தண்ணீருக்குள் முக்கி, விரலை எடுத்துவிடு. மேலிருந்து விட்டெறிந்தால் தண்ணீர் தெறிக்கும். பட்டும் படாமல் மேலே வைத்தால் லேசான சிறு பொருள்களை நீர்ப்பரப்பே தாங்கி நிற்கும். காய்ந்த குண்டூசிகூட அப்படி நிற்பதுண்டு. முக்கிவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை.

மூழ்குபவை: புளியங்கொட்டை, கல், உருளை, ஸ்பூன். மிதப்பவை: தேக்கு, கத்திரிக்காய், மூடி, மெழுகு. மெழுகுவர்த்தியில் ஒரு சண்டை வரும். அதன் பெரும்பகுதி தண்ணீருக்குள்தான் இருக்கும், மேலே கொஞ்சம்தான் எட்டிப் பார்க்கும். ‘பாதி மூழ்கிருச்சு’ என்பார்கள். அடியைத் தொட்டதா என்று கேளுங்கள். தொடவில்லை என்றால் மிதக்கிறது என்று வகுப்புக்கே ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்.

தேங்காயைக் கடைசிக்கு வையுங்கள். எல்லோரையும் பேசினைச் சுற்றி நிற்க வைத்து, பெரிய பொட்டுக் கூட்டம் எந்தப் பக்கம் என்று சார்ட்டைக் காட்டிவிட்டு இறக்குங்கள். மட்டை நாருக்குள் காற்று நிறைய. கையால் அமுக்கினால் மேலே தள்ளும். அந்தத் தள்ளலை ஒவ்வொரு பிள்ளையும் உள்ளங்கையில் உணர வேண்டும். ஐந்து நிமிடம் போனால் போகட்டும்.

ஸ்டீல் கிண்ணத்துக்கு மட்டும் முக்கும் விதி கிடையாது. முதலில் நேராக வையுங்கள், மிதக்கும். பிறகு சாய்த்துத் தண்ணீர் நிரம்ப விடுங்கள், மூழ்கும். கிண்ணம் அதேதான், ஆனால் இரண்டு முடிவு. சார்ட்டில் யார் சொன்னது சரி என்று கேட்பார்கள். மேலே ஒட்டியவர்களும் சரி, கீழே ஒட்டியவர்களும் சரி. “உள்ள முதல்ல என்ன இருந்துச்சு? இப்ப என்ன இருக்கு?” என்று கேட்டுவிட்டு மறுநாளுக்கு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆசிரியருக்கு மட்டும்: ஒரு மி.லி. தண்ணீர் ஒரு கிராம். ஒரு பொருள் எத்தனை மி.லி. இடத்தை அடைக்கிறதோ, அத்தனை கிராமுக்கு மேல் எடை இருந்தால் மூழ்கும், குறைந்தால் மிதக்கும். வெறும் கிண்ணம் மிதக்கும்போது உள்ளே இருக்கும் காற்றும் அந்த இடக் கணக்கில் சேர்கிறது. ‘அடர்த்தி’ என்ற சொல் ஒன்றாம் வகுப்புக்கு வேண்டாம்.

இரண்டாம் நாள்: களிமண் படகு

ஒவ்வொரு குழுவுக்கும் தலா 50 கிராமில் இரண்டு களிமண் உருண்டை. கடை மாடலிங் களிமண் சௌகரியம். குயவர் களிமண் என்றால் தண்ணீரில் சில நிமிடத்தில் குழைந்துவிடும், ஆகவே சட்டென்று முடிக்க வேண்டும். ஒரு உருண்டையை முக்கிப் பார்க்கட்டும், மூழ்கும். இன்னொன்றை மிதக்க வைக்கச் சொல்லுங்கள். வழி சொல்ல வேண்டாம்.

பெரும்பாலும் முதலில் அப்பளமாகத் தட்டுவார்கள், அதுவும் மூழ்கும். கொஞ்ச நேரத்தில் யாராவது ஓரத்தை மடிப்பார்கள். எட்டு செ.மீ. அகலம், ஒன்றரை செ.மீ. உயர ஓரம், மூன்று மி.மீ. கனம் வந்தால் நன்றாக மிதக்கும். மூழ்கினால் காரணம் அநேகமாக இரண்டுதான்: அடியில் விரிசல், அல்லது ஒரு பக்க ஓரம் தாழ்வு. பிறகு ஒவ்வொன்றாகப் புளியங்கொட்டை ஏற்றட்டும்; முதல் நாள் கொடுத்த ஐந்து போதாது, கூடுதலாக எண்ணிக் கொடுங்கள். நடுவில் வைத்தால் நிறைய தாங்கும், ஓரத்தில் வைத்தால் சாயும். எத்தனை ஏறியதும் மூழ்கியது என்று தாளின் பின்பக்கம் கோடு போட்டு எண்ணி எழுதட்டும். ஏற்றுவதற்கு முன் இங்கேயும் ஒரு கணிப்பு, பச்சையில்.

எடுத்து வைத்த வண்டுக் கொட்டைகளை இப்போது வெளியே எடுங்கள். நல்ல கொட்டை ஒன்று, துளை விழுந்தது ஒன்று, பக்கத்தில் பக்கத்தில். விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டு, மேலே வரும் பதரை நீக்கும் வீட்டுப் பிள்ளை இருந்தால் அதுவே எழுந்து சொல்லும்.

தாளைப் பார்க்கும்போது

பச்சையும் சிவப்பும் பொருந்துகிறதா என்று மதிப்பெண் போட வேண்டாம். இன்னும் எழுதப் பழகாத பிள்ளை இரண்டு வண்ணத்தையும் சரியான கட்டத்தில் போட்டாலே போதும். கொஞ்சம் முன்னேறிய பிள்ளையிடம் ‘எது உனக்கு ஆச்சரியம்?’ என்று கேட்டு வாய்ச்சொல்லாக வாங்குங்கள். எழுதத் தெரிந்த பிள்ளை ஒரு வரி எழுதட்டும். எட்டும் பொருந்திய தாள் ஒன்று வந்தால் பச்சையை உற்றுப் பாருங்கள், சிவப்புக்குப் பிறகு அடித்ததாக இருக்கலாம்.

தொட்டித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடலாம். வீட்டுக் குறிப்பேட்டில் ஒட்ட:

“அன்புள்ள பெற்றோருக்கு, இன்று எது மிதக்கும், எது மூழ்கும் என்று பார்த்தோம். நாளை காலைக்குள் உங்கள் பிள்ளை வீட்டில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, மிதக்குமா மூழ்குமா என்று முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும். பிறகு வாளியில் போட்டுப் பார்க்கட்டும், நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். அப்பத்தாவோ ஆச்சியோ முன்கூட்டி விடையைச் சொல்லிவிட வேண்டாம். கண்ணாடி, கத்தி, செல்போன் வேண்டாம்.”