பொருள்: ஜூலை 2025 ஓ.டி. ஊதியம், ₹2,250 பாக்கி (டோக்கன் 214)

நாகர்கோவில்
08.08.2025, வெள்ளி

ஊதியப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம் சார். நான் வலை பின்னும் பிரிவில் மெஷின் ஆபரேட்டர். ஜூலை சம்பளம் 06.08.2025 அன்று வங்கியில் ஏறியது. சம்பளச் சீட்டில் ஓ.டி. 6 மணி நேரம், ₹450 என்று இருக்கிறது. நான் செய்தது 18 மணி நேரம். சூப்பர்வைசரிடம் வாய்மொழியாகச் சொன்னேன். தேதிவாரியாக எழுதிக் கொடுத்தால்தான் நீங்கள் சரிபார்க்க முடியும் என்பதால் இதை அனுப்புகிறேன்.

என் ஷிப்ட் காலை 8.00 முதல் மாலை 4.30 வரை, சாப்பாட்டுக்கு அரை மணி. மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31-ல் முடிவதற்குள் குளச்சல், தேங்காய்ப்பட்டணம் ஆர்டர்களை அனுப்ப வேண்டும் என்று எங்களை நிற்கச் சொன்னார்கள்.

15.07 செவ்வாய்: மாலை 4.30 – 7.00, 2½ மணி
18.07 வெள்ளி: 4.30 – 7.30, 3 மணி. கரண்ட் போனதால் பஞ்சிங் மெஷினில் வெளியேறிய நேரம் பதியவில்லை. வாட்ச்மேன் ரிஜிஸ்டரில் என் கையெழுத்தும் நேரமும் உண்டு, தயவுசெய்து அதைப் பாருங்கள்.
20.07 ஞாயிறு: காலை 8.00 – 1.00, 5 மணி. வார விடுமுறை நாள். மாற்று விடுப்பு இன்னும் தரப்படவில்லை.
24.07 வியாழன்: 4.30 – 7.30, 3 மணி. ஆடி அமாவாசை என்று பாதிப் பேர் வரவில்லை, இரண்டு மெஷினை நான் ஒருவனே பார்த்தேன்.
25.07 வெள்ளி: 4.30 – 7.00, 2½ மணி
29.07 செவ்வாய்: 4.30 – 6.30, 2 மணி

இந்த மூன்று வாரங்களிலும் நான் லீவு போடவில்லை. திங்கள் முதல் சனி வரை 48 மணி நேரம் முழுதாக வேலை பார்த்த பிறகு செய்த கூடுதல் நேரம் இது. அதற்குத் தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 59-ன்படி வழக்கமான ஊதியத்தின் இரு மடங்கு தர வேண்டும்.

என் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் ₹15,600. 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு ₹600, மணிக்கு ₹75. இரு மடங்கு ₹150. ஆக 18 × 150 = ₹2,700. கொடுத்தது ₹450 போக ₹2,250 வர வேண்டும். கொடுத்த 6 மணி நேரத்துக்கும் ஒற்றை வீதம்தான் போட்டிருக்கிறது. அது எந்தத் தேதிகளுக்கு என்று சீட்டில் இல்லை, அதையும் தெரிவியுங்கள்.

சூப்பர்வைசர் கையெழுத்திட்ட ஓ.டி. சீட்டுகளின் படங்களையும் சம்பளச் சீட்டையும் இணைத்திருக்கிறேன். என்னோடு நின்ற மற்றவர்கள் தனியாக எழுதுவார்கள். இது என் கணக்கு மட்டும்.

ஏதாவது ஒரு தேதியில் உங்கள் பதிவு வேறாக இருந்தால் அந்தத் தேதியைக் குறிப்பிட்டு 14.08.2025-க்குள் எழுத்தில் பதில் தாருங்கள். அப்புறம், ஓணம் ஆர்டருக்கு மறுபடி ஓ.டி. பார்க்கச் சொல்கிறார்கள். அதற்கு முன்பே இந்தப் பாக்கியைத் தனியாக வரவு வைத்தால் பெரிய உதவி. பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
டோக்கன் எண் 214
வலை பின்னும் பிரிவு, பகல் ஷிப்ட்